ஃபாலோ விழாத சிவப்புக் காய்

மெட்ரோவில் தூங்கிப்போனதுதான் இந்தப் பயணத்தின் முதல் கோளாறு. விமான நிலையத்தில் ஏறிய நான் வண்ணாரப்பேட்டையில் இறங்கியிருக்க வேண்டும். கண் விழித்தபோது பெட்டி காலியாக இருந்தது, பாதுகாவலர் உடையில் ஒரு பெண் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "விம்கோ நகர் வந்து நின்னுகினு கீது. இதுக்கு மேல போனா வண்டிய கழுவத்தான் போவும், எறங்கும்மா" என்றார். அவசரமாக மடியைத் தடவிப் பார்த்தேன். துணிப்பையும் அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் பத்திரமாக இருந்தன.

அங்கிருந்து புறநகர் ரயில் பிடித்தால் ராயபுரம் பக்கம்தான் என்று சொன்னார்கள். பிடித்தேன். கொருக்குப்பேட்டை தாண்டியதும் அந்தப் பாதை இரண்டாகப் பிரியும் என்பதையும், ஒன்று கடற்கரைக்கும் மற்றொன்று சென்ட்ரலுக்கும் போகும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. நான் ஏறியது சென்ட்ரல் வண்டி. ராயபுரம் எங்கோ இடப்பக்கம் நகர்ந்து போவதைத் தொலைபேசி வரைபடத்தில் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் கிள்ளானில் ரயில் தாமதமாக வரும், ஆனால் ஏமாற்றாது.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். படத்தொகுப்பு என் தொழில். கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா, சமையல் எண்ணெய் விளம்பரம் என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டுவேன். முழுநீளப் படம் என்று வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான் தொகுத்திருக்கிறேன். பெயர் 'எடை மேடை'. துறைமுக வாசலில் லாரிகளை எடை போடும் ஒரு பெண்ணின் கதை. இயக்கியவள் என் கல்லூரித் தோழி மெய் லிங். இரண்டு வருடம் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சண்டை போட்டுக்கொண்டு, இருவரும் அதை முடித்தோம்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நடக்கும் ஒரு விழாவில், முதல் படம் எடுப்பவர்களுக்கான பிரிவில் அது திரையிடப்பட்டது. நடுவர் குழு 'சிறப்புக் குறிப்பு' கொடுத்தது. சிறப்புக் குறிப்பு என்றால் கோப்பை இல்லை, காசு இல்லை, "உங்களையும் பார்த்தோம், பிடித்திருந்தது" என்று மேடையில் ஒரு வார்த்தை. விமானச் சீட்டுக்கு ஒருவருக்குத்தான் பணம் இருந்தது, அதனால் மெய் லிங் போனாள், நான் தொலைபேசியில் புகைப்படம் பார்த்தேன். அந்தக் கோடையில் இன்னொரு விழா எங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலில் அறிவித்தது. திரையிடலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, படத்தில் வானொலியில் ஒலிக்கும் பழைய பாட்டுக்கு உரிமை வாங்கவில்லை என்று வக்கீல் கடிதம் வந்தது. படத்தைத் திரும்பப் பெற்றோம். பிறகு நான் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தைப் போட்டேன். மெய் லிங்குக்கு அது பிடிக்கவில்லை. அதற்குள் படத்துக்கு வயதாகிவிட்டது, புதிய படம் வேண்டும் என்று எல்லா விழாக்களும் கையை விரித்தன. மெய் லிங் இப்போது தண்ணீர் வடிகட்டி விற்கிறாள். படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தண்ணீரைப் பற்றிப் பேசுவாள்.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "நாங்கள் ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப். உங்கள் படத்தை இரண்டு வருடமாகப் பின்தொடர்கிறோம். பார்க்க வழி உண்டா?" எழுதியவர் பெயர் ஸ்டெல்லா. ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்தேன். பிறகு விளக்கமாக இன்னொரு கடிதம் வந்தது. விழாவின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே தொடர்பு முகவரி போட்டிருப்பார்கள். எங்கள் படத்துக்கு இருந்தது தயாரிப்பாளரின் பழைய முகவரி, கடிதம் திரும்பி வந்துவிட்டது. ஸ்டெல்லா அதற்குக் கீழே இருந்த தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்களைப் படித்திருக்கிறாள். அதில் தமிழ்ப் பெயர் என்னுடையது ஒன்றுதான்.

மெய் லிங்கிடம் கேட்டேன். இணைப்பு அனுப்பக் கூடாது, வேண்டுமென்றால் கையில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கையிலேயே கொண்டுவா என்றாள். சொன்னால் விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பாள். ஆனால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. நான் தொகுத்த படத்தை, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் விடுப்பு எடுத்து வந்தேன், வேறு காரணம் இல்லை.

வியாழக்கிழமை மாலை ஒருவழியாக ராயபுரம் போய்ச் சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்திருக்கவில்லை, வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. ஸ்டெல்லா சுங்க முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், முப்பது வயது இருக்கும். நான் சென்ட்ரலுக்குப் போன கதையைக் கேட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். கிளப் ஒரு வலைக் கடைக்கு மேல் மாடியில். நாலு கேரம் பலகை, ஒரு மேசை, பவுடர் வாசனைக்கு மேல் மீன் வாசனை.

செயலாளர் அந்தோணி அண்ணன் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். அவர்தான் இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர். ஏன் என்று கேட்டேன். எந்தப் படம் நல்ல படம் என்று விளம்பரத்தை நம்பிப் போய்ப் பலமுறை ஏமாந்ததாகச் சொன்னார். விழாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் படம் பார்த்துக் கொஞ்சம்தான் எடுக்கிறார்கள், அந்தப் பட்டியலை எல்லோரும் படிக்கலாம், காசு கிடையாது. பிறகு ஏன் கண்ணை மூடிக்கொண்டு இருட்டில் தேட வேண்டும் என்பது அவர் கட்சி.

வழக்கம் இதுதான். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு படத்துக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் பிரெஞ்சுக் கடற்கரை, ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து, அப்புறம் வெனிஸ், டொராண்டோ, பூசான், கடைசியாகக் கோவாவும் திருவனந்தபுரமும் என்று வரிசையாகப் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கும். தன் படம் வேறொரு விழாவின் பட்டியலில் வந்தால் ஒரு காய். பார்வையாளர் வாக்கில் பரிசு பெற்றால் இன்னொரு காய். தொடக்கப் படத்துக்குக் காய் கிடையாது, அது கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பது மாதிரி, மரியாதைக்கு. அமெரிக்க விருதுக்காக ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படத்தை அனுப்புகிறதே, அதற்கும் கிடையாது. உள்ளூர்க் கமிட்டி எடுப்பதில் மாமன் மச்சான் புகுந்துவிடுகிறான் என்பது அந்தோணி அண்ணன் தீர்ப்பு. அந்தப் படங்களிலிருந்து அமெரிக்க விருதுக்காரர்களே வடிகட்டி வெளியிடும் குறும்பட்டியலில் வந்தால் மட்டும் காய் உண்டு.

நடுவர் பரிசு வாங்கினால் அது சிவப்புக் காய். இங்கேதான் கேரம் உள்ளே வருகிறது. ரெட் போட்டால் அடுத்த அடியில் தன் காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ, இல்லாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். அதே சட்டம் படத்துக்கும். நடுவர் குழு என்பது ஐந்தாறு பேர். அவர்களுக்குள் சமரசத்தில்கூடப் பரிசு விழலாம். அந்தப் படத்தை வேறு ஊரில் வேறு ஆட்கள் தனியாகப் பார்த்து மறுபடி தேர்ந்தெடுத்தால்தான் ஃபாலோ. அது விழுந்தால்தான் ரெட் கணக்கில் ஏறும், ஐந்து காய்க்குச் சமமாக.

இருபது வருடம் வெட்டி ஒட்டுகிற எனக்கு இது நல்ல சட்டமாகத்தான் பட்டது. ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவு, உலகத்திலேயே முதல் திரையிடல் தங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று கேட்கும். பெர்லினில் வந்த படம் மேயில் பிரான்ஸ் போட்டியில் வராது, அது படத்தின் குறை இல்லை. பாபு என்பவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். அப்படித்தான் போன வருடம் தன் படத்துக்குக் காய் குறைத்தார்கள் என்று அந்தோணி அண்ணனோடு மல்லுக்கு நின்றார். பாபு திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று அண்ணன் அவரை உட்காரவைத்தார்.

வருடக் கடைசியில் எல்லோர் காய்களையும் எண்ணுவார்கள். முதலில் வரும் படத்தை எப்படியாவது தேடிப் பிடித்து, பங்குக் கோயில் புரொஜெக்டரை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியில் திரையிடுவார்கள். விழாவில் வந்த படம் நம் கைக்கு வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். யாராவது வாங்க வேண்டும், ஏதாவது நாட்டில் வெளியாக வேண்டும், பிறகு இணையத்தில் வர வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு இரண்டு வருடக் காவல். நாட்டுக்கு நாடு பெயர் மாறும், வருடமும் மாறும், அதனால் இயக்குநர் பெயரை வைத்துத்தான் தேடுவது.

"நம்ம படத்துக்கு ரெட்டும் கீது, ஃபாலோவும் கீதுக்கா. நாளன்னிக்கு எண்ணுவாங்க, ஞாயித்துக்கெழம போட்டுறலாம்" என்றாள் எங்கள் படத்துக்குப் பொறுப்பேற்றிருந்த ஸ்டெல்லா.

ஃபாலோ எது என்று கேட்டேன். கோடை விழா என்றாள். பட்டியலில் பெயரும், அரங்கும், நேரமும் இருந்ததாம். அந்தக் காட்சி நடக்கவே இல்லை. பட்டியலை அச்சடித்து இணையத்தில் ஏற்றிய பிறகு நாங்கள் படத்தை எடுத்துக்கொண்டோம், அவர்கள் பக்கத்தைத் திருத்தவில்லை. இதை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இட்லியும் வடகறியும் வந்தன. நான் இட்லி சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா அரை நாள் விடுப்புப் போட்டு, பாபுவின் ஆட்டோவில் எண்ணூர் கூட்டிப்போனாள். சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. எங்கள் ஊரிலும் நிற்கும், ஆனால் அங்கே நிற்பவர்கள் வண்டிக்குள் குளிர்சாதனத்தில் தூங்குவார்கள். இங்கே இரண்டு லாரிக்கு நடுவில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் எடை மேடை ஒன்றைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். லாரியின் முன்சக்கரம் இரும்புத் தகட்டில் ஏறும்போது எழும் அந்தத் 'தொம்' சத்தம் அப்படியே எங்கள் படத்தில் இருக்கிறது. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

ஸ்டெல்லா இதற்கு முன் இரண்டு படங்களுக்குக் காவல் இருந்தாளாம், இரண்டும் நடுவிலேயே காணாமல் போயின. யாரும் வாங்கவில்லை. கடிதம் போட்டால் பதில் இல்லை. அவள் தேர்ந்தெடுத்தாலே படம் தொலைந்துவிடும் என்று கிளப்பில் ஒரு பேச்சு இருக்கிறதாம். "இந்த தபா அப்டி ஆவாதுக்கா. படமே ஃப்ளைட்டு புட்சி வந்துட்சி" என்றாள். முகத்துவாரத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது, இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்த விழாக்காரர்கள் படத்தைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள், திரையில் ஓடாவிட்டால் என்ன? வக்கீல் வைத்து வாதாடலாம் போல் இருந்தது அந்த நியாயம்.

மாலையில் பாபு அத்தோ வாங்கிக் கொடுத்தார். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பண்டம். வேகவைத்த நூடுல்ஸில் பச்சைக் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். தொட்டுக்கொள்ள முட்டை, குடிக்க வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் நூடுல்ஸான மீ கோரிங்கைச் சட்டியில் சுடச்சுட வறுத்து எடுப்போம், இது குளிர்ந்தே இருக்கிறது. ஆனால் இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன். பாபுவின் படம் ஜார்ஜியா நாட்டுப் படம், மின்தூக்கி பழுது பார்ப்பவன் ஒருவனைப் பற்றியது. பிரான்ஸில் புது இயக்குநர்களுக்கான பக்கப் பிரிவில் வந்து, கோடையில் இன்னோர் ஊரில் பார்வையாளர் பரிசு வாங்கி, பூசானுக்கும் போய், போன வருடம் கேரளத்திலும் ஓடியிருக்கிறது. சிவப்புக் காய் மட்டும் இல்லை. எண்ணிக்கையில் எங்கள் படத்துக்கு அடுத்த இடம். இப்போது இணையத்தில் முறையாகவே கிடைக்கிறதாம். ஆனாலும் கிளப்போடு பார்க்க வேண்டும் என்று அவர் இன்னும் பார்க்காமல் வைத்திருந்தார். நான் பொய்யாக ஜெயித்தால் தோற்பவர் இவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டில் இருந்த பூண்டு கசந்தது.

சனிக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. காற்று கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து அடித்ததால் சன்னல்களைச் சாத்திவிட்டார்கள். நடுப் பலகையில் பழைய காய்களை வைத்துக்கொண்டு அந்தோணி அண்ணன் ஒவ்வொரு படமாக எடுத்தார். பொறுப்பாளர் எழுந்து தன் காய்களைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஒருவர் விழாச் சந்தையில் காட்டப்பட்டதைக் காயாகச் சொன்னார். சந்தையில் வாடகை கொடுத்தால் எந்தப் படத்தையும் ஓட்டலாம், அது தேர்வு இல்லை என்று அந்தக் காயைத் தள்ளினார்கள்.

ஸ்டெல்லாவின் முறை வந்தது. சிறப்புக் குறிப்பு ரெட் ஆகுமா என்று ஒரு வாக்குவாதம். நடுவர்கள் வாயால் வந்தது ரெட்தான் என்று முடிவானது. ஃபாலோவுக்குக் கோடை விழாப் பட்டியலை அவள் தொலைபேசியில் எடுத்துக் காட்டினாள். அண்ணன் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். அறிவித்த படமெல்லாம் ஓடிவிடாது என்பதால், காட்சி நடந்த பிறகு யாராவது எழுதிய விமர்சனமோ ஒரு பார்வையாளர் போட்ட ஒரு வரியோ சாட்சியாக வேண்டும் என்பது கிளப்பின் விதி. ஸ்டெல்லாவிடம் அது இல்லை. தேடியும் கிடைக்கவில்லை என்றாள்.

"பரவால்ல" என்றார் அண்ணன். "படத்த வெட்னவங்களே வந்து குந்திக்கினு கீறாங்க. அவங்க வாயாலயே கேட்டுக்கலாம். இன்னாமா, அங்க ஜனங்க எப்டி பார்த்தாங்க?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்த்தார்கள் என்று சொன்னால் போதும். நாளை மாலை இதே ஆட்கள் இதே பாயில் உட்கார்ந்து என் படத்தைப் பார்ப்பார்கள். பையின் மேல் கை வைத்திருந்தேன், உள்ளே டிஸ்க்கின் விளிம்பு தட்டுப்பட்டது.

"அங்க படம் ஓடலண்ணே" என்றேன். "பாட்டுப் பிரச்சனையில நாங்க திரும்ப எடுத்துக்கிட்டோம். பட்டியல்ல பேரு மட்டும் நின்னுபோச்சு."

ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள். அவர்கள் பார்த்துப் பிடித்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள், அது ஃபாலோ இல்லையா என்று நான் எனக்குள் வைத்த அதே வாதத்தை வைத்தாள்.

அண்ணன் ஒரு வெள்ளைக் காயை எடுத்து, மூலைப் பையின் வாயில் விழாமல் விளிம்பில் நிறுத்தினார். "இது வியிந்துட்ச்சா?" என்று கேட்டார். சிவப்புக் காயை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தார். பாபுவின் படம் முதலில் வந்தது என்று அறிவித்தார். பாபு கைதட்டலுக்கு எழுந்திருக்கவில்லை.

படியில் இறங்கும்போது ஸ்டெல்லா, "நேத்தே சொல்லி இருக்கலாம்லக்கா" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கலாம்தான். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கும் வந்தது, மீன் வண்டிக்கு வழிவிட்டு இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜியப் படம் போட்டார்கள். பொறாமையோடுதான் உட்கார்ந்தேன். நல்ல படம். என்னுடையதைவிட நல்ல தொகுப்பு, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வலி இருக்கிறது, வெட்கம் இல்லை. மின்தூக்கி நடுவில் நின்றுபோகும் காட்சியில் மாடியில் ஓர் ஆள்கூட இருமவில்லை. பக்கத்தில் ஸ்டெல்லா முழங்காலைக் கட்டிக்கொண்டு வாய் பிளந்து பார்த்தாள். நான் ஆசைப்பட்டது இதைத்தான். இன்னொருவருடைய படத்துக்குக் கிடைத்தது.

படம் முடிந்ததும் அடுத்த காவலுக்குப் படம் எடுக்கும் சடங்கு. எல்லோரும் இந்த வருடத்துப் பட்டியல்களிலிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். ஃபாலோ விழாமல் நடுவுக்குத் திரும்பிய ரெட்டையும் எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே காவல் இருந்தவர் எடுக்கக் கூடாது. யாருமே எடுக்காவிட்டால் அது பலகையை விட்டே போய்விடும். ஸ்டெல்லாவால் எடுக்க முடியாது. ஒவ்வொருவராகப் புதுப் படங்களைச் சொல்லச் சொல்ல, நான் நடுவில் இருந்த அந்தச் சிவப்புக் காயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்தவர் கடைசியில்தான் எடுக்க வேண்டுமாம்.

பாபு எழுந்து வந்து சிவப்புக் காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரெண்டு வருடப் பழைய படம், இனி எந்த விழாவில் வரும் என்று யாரோ கேட்டார்கள்.

"ஓடாத ஷோவ ஓடலன்னு சொல்றவங்க வெட்ன படம்" என்றார் பாபு. "அத்த பார்த்தே ஆவணும்ல?"

பிறகு என் பக்கம் திரும்பி வேலை கொடுத்தார். விழாக்களில் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதன் படங்களை மட்டும் காட்டும் தனிப் பிரிவு இருக்கும். அதில் பழைய படங்களும் வருவதைப் பட்டியல்களில் பார்த்திருக்கிறாராம். இந்தியாவில் எங்கள் படம் எங்குமே ஓடவில்லை, அதனால் இந்தியாவின் முதல் திரையிடல் என்ற தகுதி இன்னும் கெடாமல் இருக்கிறது. இன்று இந்த மாடியில் ஓட்டியிருந்தால் அதற்குக்கூட யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். "நா காவலுக்குத்தான் யக்கா. அடிக்க வேண்டியது நீங்கதான்" என்றார்.

திங்கட்கிழமை திரும்பினேன். விமான நிலையத்துக்கு மெட்ரோவில் போகும்போது தூங்கவே இல்லை. போட்டுக்காட்டாத டிஸ்க்கை மெய் லிங்கிடம் கொடுத்தேன். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை, புதிதாக வந்த வடிகட்டியில் அடைப்பு வராது என்றாள்.

அதன் பிறகு மாதப் பிறப்பன்று தவறாமல் பாபுவிடமிருந்து செய்தி வரும், "இன்னா ஆச்சு?" என்று. மலேசியப் படங்களை யார் தொகுத்துக் காட்டுகிறார்கள் என்று ஸ்டெல்லா தேடி அனுப்பினாள், நான் விண்ணப்பித்தேன். சில இடங்களில் மறுத்தார்கள், சில இடங்களில் பதிலே இல்லை. தென்னிந்தியாவில் நடக்கும் ஒரு விழா அந்த வருடம் எங்கள் நாட்டுக்கு ஒரு பிரிவு ஒதுக்கியது. அதற்கும் அனுப்பினேன். பட்டியல் வெளியாகும் நாளில் எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு கல்யாண வீடியோவில் மாலை மாற்றும் இடத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

பாபுவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அதில் குரல் இல்லை. பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கர் ஓடும் சத்தம், காய் மேல் காய் மோதும் சத்தம், பிறகு காய் மூலைப் பைக்குள் விழும் 'டக்'. பின்னால் தூரத்தில் ஸ்டெல்லா யாரையோ அடிப்பது போல் கேட்டது, சந்தோஷத்தில்தான்.

மூன்று முறை கேட்டுவிட்டு மெய் லிங்கை அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து அவளுக்கும் போட்டுக்காட்டினேன். இது என்ன சத்தம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஓட மாட்டேன் என்று நின்ற படம் ஓடப்போகிறது, நீயும் நானும் போகிறோம், இந்த முறை சீட்டு இரண்டு என்றேன். தண்ணீரைப் பற்றி ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

"அந்த மழைச் சத்தம்" என்றாள். "கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. இன்று மாலை வருகிறேன், குறைத்துவிடலாம்."